இலையைப் பாத்து விளம்புனவரு

எல்லாருக்கும் வணக்கம். உங்க ஓட்டலைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு ரேடியோ நிலையத்துல கேட்டாங்க. ஆனா இந்த மாசம் எனக்கு ஓட்டல்னு சொன்னாலே ஒரே ஒரு ஆளுதான் மனசுல வராரு, அதனால அவரைப் பத்தியே பேசிடுறேன். சுசீந்திரம் பக்கம் ரோட்டோரம் எங்க அப்பா தொடங்குன சைவ சாப்பாட்டுக் கடை அது, இப்ப நான் கல்லாவுல இருக்கேன். அங்க 1991ல சப்ளையரா சேந்தவரு போன மாசக் கடைசியோட வேலையை விட்டுட்டாரு. 34 வருஷம். நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன், சொந்தம் ஒண்ணும் கிடையாது, ஆனா நான் ஸ்கூல் விட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுறப்ப "மக்ளே, தின்னுட்டு எழுது"ன்னு ரசவடையைக் கொண்டு வந்து வச்சவரு அவருதான். மயிலாடி பக்கத்துலேருந்து தினமும் சைக்கிள்ல வருவாரு. பேரைச் சொன்னா அவருக்குக் கூச்சமா இருக்கும், அதனால இங்க பேரைச் சொல்லல. மாமா, நீங்க வீட்டுல கேட்டுட்டு இருக்கியன்னு தெரியும்.

சப்ளையர் வேலைன்னா தூக்கிட்டு வந்து வைக்கிறதுதானேன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. மாமா செஞ்சது அது இல்ல. அவரு ஆளு முகத்தைப் பாக்க மாட்டாரு, இலையைப் பாப்பாரு. எங்க ஊர்ல விளம்புறதுன்னு சொல்லுவோம் பாத்தியளா, பரிமாறுறதை, அதுல அவரு கண்ணு எப்பவும் இலை மேலதான் இருக்கும். சாப்பிடுற ஆளு சோத்துல குழி பறிச்சா குழம்பு வேணும்னு அர்த்தம், சோத்தை ஒரு ஓரமா ஒதுக்குனா அடுத்ததுக்கு, ரசத்துக்கோ மோருக்கோ, போறாருன்னு அர்த்தம், தொடுகறி இருந்த இடத்தை விரலால வழிச்சா அது இன்னொரு தரம் வேணும், ஆனா கேக்கக் கூச்சப்படுறாரு. இதெல்லாம் அவரு எனக்கு ஒரு நாளு உக்கார வச்சு சொன்னது கிடையாது, பல வருஷம் பக்கத்துல நின்னு பாத்து, இடையில ரெண்டு வார்த்தை அவரு சொல்லிச் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டது. "போதுமா?"ன்னு அவரு கேட்டு நான் பாத்ததே இல்ல. அப்படிக் கேட்டா பாதி பேரு போதும்னு சொல்லிடுவாவ, பசி போயிருக்காதுன்னு சொல்லுவாரு. கரண்டியோட வந்து இலைக்கு மேல ஒரு நொடி நிப்பாரு, கை தடுக்கலைன்னா போட்டுருவாரு.

சோறு கேக்குறதுலயும் ஒரு கணக்கு உண்டு. எங்க ஊர்ல சம்பாவா வெள்ளையான்னு கேப்போம்லா. உள்ளூர்க்காரங்க சம்பா கேப்பாங்க, அந்தத் தடிச்ச அரிசி அவங்களுக்குப் பழகுனது. வெளியூர்க்காரங்களுக்கு அது வேகாத மாதிரி இருக்கும், தெரியாம வாங்கிட்டு இலையில அப்படியே விட்டுட்டுப் போவாங்க. மாமா ஒரு புது ஆளு வந்தா சம்பாவுல ஒரு கரண்டி மட்டும் ஓரமா வச்சு, ருசி பாருங்கோ, பிடிச்சா போடுறேன்னு சொல்லிட்டு வெள்ளையைப் போடுவாரு. சோறு வீணாகுறதைப் பாக்க அவரால முடியாது.

சுகர் இருக்கிறவங்களையும் அவரு ஞாபகம் வச்சிருப்பாரு. ரெகுலரா வர்ற ஒரு பெரியவரு ஒரு நாளு பாயசத்துக்குக் கையை நீட்டிட்டு சட்டுனு இழுத்துக்கிட்டாரு. அதை மாமா பாத்துட்டாரு. மறு நாளிலேருந்து அவரு இலைக்குச் சோறு ஒரு கரண்டி குறையும், தோரனும் அவியலும் ஒரு கை கூடும், பாயசம் அந்த வரிசையில வர்றப்ப அவரை மட்டும் சத்தமில்லாமத் தாண்டிப் போயிரும். "உங்களுக்குச் சுகரா"ன்னு அந்த டேபிள்ல நாலு பேரு முன்னால கேட்டுறக் கூடாதுல்லா, அதுக்காக்கும்.

ஒரு மார்கழி மாசத்து மதியத்தைச் சொல்றேன், இதைச் சொல்லாம என்னால முடியாது. அய்யப்ப சாமிமாரு சபரிமலை போயிட்டு கன்னியாகுமரி பாக்க வர்ற சீசன். மணி ரெண்டே முக்கால் இருக்கும், கூட்டம் அடங்கி நாங்க சாப்பிட உக்காரப் போற நேரம், வாசல்ல ஒரு பஸ் வந்து நிக்குது, ஆந்திராக்காரங்க, 48 பேரு. எனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் பதறிப்போயி சாப்பாடு இல்லைன்னு சொல்லிடலாமான்னு நின்னேன். அவரு அடுக்களைக்குள்ள போயி பானை மூடியைத் தூக்கிப் பாத்தாரு, அவ்வளவுதான். "பானையில பதினாறு பேருக்கு இருக்கு. முப்பத்திரெண்டு பேருக்கு உலை வை. சம்பா வேண்டாம், வெள்ளை போதும், எட்டு கிலோ." சாதாரண நாளு ஒரு கிலோ அரிசிக்கு ஆறு பேருன்னுதான் எங்க கணக்கு. மாலை போட்டவங்க காலையில சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க, பயணத்துல வந்திருக்காங்க, அதனால நாலு பேருக்கு ஒரு கிலோ. முப்பத்திரெண்டு, எட்டு கிலோ. சம்பான்னா வேக நேரமாகும், வெள்ளைன்னா உலை வெள்ளம் காஞ்சிருந்தா அரை மணிக்குள்ள வடிச்சிரலாம். இதெல்லாம் அவரு நடந்துக்கிட்டே யோசிச்சது.

அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடத்துனாருன்னு பாருங்க. சின்னப் பிள்ளைகளையும் வயசானவங்களையும் முதல்ல உக்கார வச்சாரு, சரியா பதினாறு பேரு, இருக்கிற சோறு அவங்களுக்கு. மத்தவங்களுக்கு பின்னால குழாய் இருக்கிற இடத்தைக் கையைக் காட்டி, கை கால் கழுவிட்டு வரச் சொல்லி, சீரக வெள்ளம் குடுத்து, பெஞ்சுல உக்கார வச்சாரு. நான் போயி அவங்களுக்கும் இலை போடப் போனேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. "இலை போட்டா மனுஷன் காத்திருக்க மாட்டான் மக்ளே. இலை போடலேன்னா கால் மணி நேரம் பேசிட்டே இருப்பான்." நான் அது வரைக்கும் இலை போடுறது ஒரு மரியாதைன்னு மட்டும்தான் நெனைச்சிருந்தேன்.

உலை கொதிச்சு அரிசி முக்கால் வேக்காடு வந்ததும்தான் இலை போட்டாரு, நுனி இடப்பக்கம் வர்ற மாதிரி, நாலு துளி வெள்ளம் தெளிச்சு. அப்புறம் உப்பு, ஊறுகாய், இஞ்சிக்கறி, பச்சடி, தோரன், அவியல், ஒவ்வொண்ணா, வேணும்னே நிதானமா, ஒரு வாளி வரிசைக் கடைசி வரை போயி முடிஞ்ச பிறகுதான் அடுத்த வாளி. ஏதோ ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு, யாருக்கும் காத்திருக்கிற மாதிரி தெரியல. சாம்பார்ல உள்ளி போட்டிருந்துது. விரதக்காரங்கள்ல நிறைய பேரு உள்ளி, பூண்டு சேக்க மாட்டாங்க, அதனால அடுக்களையிலேருந்து ஒரு உள்ளியை எடுத்துட்டு வந்து அவங்களுக்குக் காட்டி, சாம்பார் வாளியையும் காட்டித் தலையை ஆட்டுனாரு. வேண்டாம்னு சொன்னவங்களுக்குப் பருப்பும் நெய்யும் கூட ஒரு கரண்டி, அப்புறம் புளிசேரி. பப்படம் வைக்கிறப்ப சோறு ஆவியோட வந்துருச்சு. நாப்பத்தெட்டு பேருல ஒருத்தரு கூட அரை வயித்தோட எந்திரிக்கல. பானையில மிச்சம் இருந்தது எங்க ஆளுங்க சாப்பிட சரியா இருந்துச்சு.

நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லிடுறேன். அப்பாவுக்கு முடியாம ஆகி நான் கல்லாவுக்கு வந்த புதுசுல, ஆர்டரை எல்லாரும் சீட்டுல எழுதித்தான் கொண்டு வரணும்னு சொல்லிட்டேன். காலை டிபன் நேரம், நாலு டேபிள், ரெண்டு சாதா, ஒரு முறுகல், புட்டு பயறு பப்படம், ஆப்பம்னு எல்லாத்தையும் மாமா மனசுல வச்சுத்தான் அடுக்களையில சொல்லுவாரு, பில்லும் மனசுலயே கூட்டி என்கிட்ட சொல்லுவாரு. எனக்கு அது பயமா இருந்துச்சு, எதாவது விட்டுப்போச்சுன்னா? அவரு மறுத்து ஒரு வார்த்தை சொல்லல, பாக்கெட்ல பேனாவைச் சொருகிட்டாரு. ஒரு வாரத்துல கம்ப்ளெயிண்ட் வர ஆரம்பிச்சுது. சட்னி வரல, ரெண்டாவது டீ வரல. ஆர்டர் ஒண்ணும் தப்பாகல, சீட்டுல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எழுதுறதுக்குக் குனியுறப்ப அவரு கண்ணு டேபிளை விட்டுப் போயிருது, யாரு சட்னியைத் தேடுறாங்கன்னு பாக்க முடியல. அப்புறம் சீட்டு எழுதுறதை கல்லாப் பக்கத்துல நிக்கிற பையன்கிட்ட குடுத்தேன், மாமா வாயால சொல்லுவாரு, அவன் எழுதுவான். இன்னைக்கும் அப்படித்தான் நடக்குது.

கால் படுற பாட்டைப் பத்தி அவரு யாருகிட்டயும் சொன்னது கிடையாது. காலையில ஆறு மணிக்கு நிக்கத் தொடங்குனா மூணு மணி வரை நிப்பு. கெண்டைக்கால்ல நரம்பு பச்சையா சுருண்டு கிடக்கும், சாயங்காலம் கணுக்கால் வீங்கிரும். ரெண்டு வருஷம் முன்னால டாக்டரு பாத்துட்டு இறுக்கமான சாக்ஸ் போடுங்க, இடையில இடையில காலை உயரமா தூக்கி வச்சு உக்காருங்கன்னு சொன்னாரு. அதுக்குப் பிறகுதான் நான் அடுக்களை ஓரத்துல ரெண்டு ஸ்டூலு போட்டேன். முப்பது வருஷம் முன்னால போட்டிருக்க வேண்டிய ஸ்டூலு அது. இதைச் சொல்றப்ப எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு மாமா.

கடை வச்சிருக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, அவங்களுக்காக இன்னொண்ணு. ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்து அனுப்பிடலாம்னு சிலரு என்கிட்ட சொன்னாங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடைன்னா வேலையை விட்டுப் போறவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, குடுக்கணும்னு சட்டம் இருக்கு, எங்க கடையில 14 பேரு. கணக்கு சுலபம், கடைசி மாசச் சம்பளத்தை 26 ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம், அதை 15 ஆல பெருக்கி, எத்தனை வருஷம் வேலை பாத்தாங்களோ அதால பெருக்கணும். மாமா சம்பளத்தை ரேடியோல சொல்ல மாட்டேன், ஒரு உதாரணத்துக்கு மாசம் 18,200 ரூபான்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 700, பதினஞ்சு நாளைக்கு 10,500, முப்பத்திநாலு வருஷத்துக்கு 3,57,000. இது நாம குடுக்கிற அன்பளிப்பு இல்ல, அவங்க உழைச்சு சேத்து வச்ச காசு. மாமா செக்கை வாங்கிட்டு தொகையை ரெண்டு தரம் பாத்தாரு, மனசுல கூட்டிப் பாத்திருப்பாரு, சரியா இருக்குன்னு தலையாட்டுனாரு. சரியா இருந்ததுல எனக்கு அவ்வளவு நிம்மதி.

இப்ப அவரு இடத்துல ரெண்டு பையனுங்க நிக்காங்க. நல்ல பையனுங்க, வேகமா ஓடுறானுங்க, ஆனா இன்னும் ஆளு முகத்தைப் பாத்துத்தான் விளம்புறானுங்க. நேத்து ஒருத்தன் ஒரு அம்மா இலையைப் பாத்து, அவங்க கேக்காமலே தீயல் கொண்டு போயி ஊத்துனான். நான் கல்லாவுலேருந்து பாத்தேன், அந்த அம்மா கையைத் தடுக்கல.

மாமா, ஞாயித்துக்கிழமை நீங்களும் மாமியும் கடைக்குச் சாப்பிட வாங்க. ஒரு மணிக்கு வராதீங்க, நீங்க உக்காந்து பாத்துட்டு இருந்தா பையனுங்க பதறிருவானுங்க. ரெண்டரைக்கு வாங்க, சம்பா எடுத்து வச்சிருப்பேன், நான்தான் விளம்புவேன். காலைத் தூக்கி வச்சுக்க ஸ்டூலை டேபிளுக்குப் பக்கத்துலயே போட்டிருக்கேன்.