வலை வீசத் தெரியாதவன்

"உள்ளே இருப்பவனுக்கு அது பொய்யென்று கடைசிவரை தெரியப்போவதில்லை. பிறகு அவனுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். விரும்பிய அனுபவத்தையெல்லாம் நிஜம்போலவே ஊட்டும் இயந்திரம் ஒன்று இருந்தால், வாழ்நாள் முழுதும் அதற்குள் போய்விடலாமா என்பதுதான் இன்றைய பட்டிமன்றக் கேள்வி. போகக்கூடாது என்பது எங்கள் அணி.

நடுவர் அவர்களே, நட்டம் தெரியாமல் இருப்பது வேறு, நட்டமே இல்லாமல் இருப்பது வேறு.

எங்கள் அணித் தம்பி, மின்சாரம் நின்றால் அந்த இயந்திரம் என்னாகும் என்று கேட்டார். அந்த வாதம் நமக்கு உதவாது. 1974இல் இந்தக் கதையைச் சொன்ன அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக், இயந்திரத்தை யார் பராமரிப்பது என்பது போன்ற சிக்கல்களை ஒதுக்கிவிடச் சொன்னார். மூளையில் மின்முனைகளோடு தொட்டியில் மிதப்போம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சற்று வெளியே வந்து, அடுத்த இரண்டு ஆண்டுக்கான அனுபவங்களைத் தெரிவு செய்யலாம். வீட்டாரும் தங்கள் தங்கள் தொட்டியில் மிதக்கலாம்.

என் அப்பா மட்டக்களப்புக் கல்லடியில் வாவி மீன் பிடித்தவர். சின்ன வயதில் நான் வீச்சுவலையை எறிந்தால் கயிறுபோல் சுருண்டு ஒரே இடத்தில் பொத்தென்று விழும். ஒருநாள் அது வட்டமாக விரிந்தது. ஈயக்குண்டுகள் எல்லாம் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டன. அப்பா முதுகில் தட்டினார். அந்தச் சத்தத்தை, அந்தத் தட்டலை, என் பூரிப்பை, எல்லாவற்றையும் இயந்திரம் தரும். ஆனால் தொட்டியில் கிடப்பவனுக்கு வலை வீசத் தெரியாது. அவனை யாரும் தட்டவும் இல்லை. வலை விரிந்ததால்தான் நான் பூரித்தேன். பூரிப்புக்காக மட்டும் வலை வீசவில்லை.

தலைவர் சொன்ன இன்னொன்று உண்மை. 2010இல் பெலிப்பே டி பிரிகார்ட் என்ற மெய்யியலாளர் ஓர் ஆய்வில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நீங்கள் ஏற்கெனவே இயந்திரத்துக்குள்தான் இருக்கிறீர்கள், வெளியே வருகிறீர்களா? ஏறத்தாழப் பாதிப் பேர் உள்ளேயே இருக்கிறோம் என்றார்கள். வெளியே நீங்கள் சிறைக்கைதி என்று சொன்னபோது பெரும்பாலானோர் அசையவில்லை. சரி, பழகிய வாழ்க்கையை விட மனமில்லாமைதான் நம் மறுப்பிலும் கொஞ்சம் கலந்திருக்கிறது, ஏற்கிறேன். ஆனால் வெளியே என்ன இருக்கிறதென்று சொல்லாதபோதும் மற்றப் பாதி வெளியே வரத் துணிந்ததே! சிலருக்கு அது வெறும் ஆவலாக இருக்கலாம். எல்லோருக்கும் அப்படி என்று என்னால் நம்ப முடியவில்லை.

இடைவேளையில் நாவலடி அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார். 2004 சுனாமியில் மகளைக் கொடுத்தவர். "மனே, அந்த மெசின் என்ட புள்ளையத் தருமெண்டா நான் இப்பவே போறன்" என்றார்.

மகள் வரமாட்டாள், மகள் வந்ததுபோல் இருக்கும், அவள் போனதே உங்களுக்கு மறந்துவிடும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆனாலும் சொன்னேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப டிசம்பர் 26க்கு அவளுக்கு ஆர் விளக்கு வைக்கிற?"