ஆறு அட்டை, இரண்டு அணி, ஒரு மதிப்பெண் தாள்

நண்பர்களே, வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விவாதப் பாடம் எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னீர்கள், நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். வகுப்பறை விவாதம் என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது என்ன? ஒருவர் எழுந்து மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார். அடுத்தவர் எழுந்து தன் பங்குக்கு ஒப்பிப்பார், முன்னவர் சொன்னதில் ஒரு வரியைக்கூடத் தொட மாட்டார். கடைசியில் கணீரென்று பேசியவருக்குக் கைதட்டல். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. நாம் கையில் கொடுக்கிற தாள்கள் அவர்களை அப்படித்தான் பேச வைக்கின்றன.

முதலில் சான்று அட்டை. நம்மில் பலர் ஒட்டிப் பேசும் அணிக்கு ஒரு கட்டு, வெட்டிப் பேசும் அணிக்கு இன்னொரு கட்டு என்று பிரித்துக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்தால் எதிரணி என்ன வைத்திருக்கிறது என்றே தெரியாது, தெரியாததை மறுக்கவும் முடியாது. அதனால் ஆறே ஆறு அட்டை, அதே ஆறும் இரண்டு அணிக்கும் கொடுங்கள். யார் எந்தப் பக்கம் என்பதை, அட்டைகளை எல்லாரும் படித்து முடித்த பிறகு சீட்டுக் குலுக்கிச் சொல்லுங்கள். முன்பே சொல்லிவிட்டால் தனக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மற்றதைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி அச்சில் இருக்க வேண்டும்: யார் சொன்னது, எந்த ஆண்டு, என்ன கண்டார்கள், அது எதைக் காட்டவில்லை. அதற்குக் கீழே ஒரு வெற்று வரி, அதன் தலைப்பு ‘அதனால் என்ன?’. அதைப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். நாலாவது வரியையும் ஐந்தாவது வரியையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பாடம் முழுக்க அந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். தலைப்பு: ‘உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது.’ இதற்கு நல்ல அட்டைகள் கிடைக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் இதே நேரத்தைப் பரிந்துரைத்தது, அது ஓர் அட்டை. கலிபோர்னியாவில் 2019-ல் கையெழுத்தாகி 2022-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னொன்று. அதன் கீழே, கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களுக்கு விலக்கு உண்டு என்பதையும் அச்சிடுங்கள். வெட்டிப் பேசும் அணி பிடித்துக்கொள்ளப் போவது அந்த வரியைத்தான். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது என்பது ஓர் அட்டை, இரவு வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும் என்பது மற்றோர் அட்டை. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே விவாதம் சூடு பிடித்துவிடும்.

நான் விரிவாகச் சொல்ல நினைப்பது சியாட்டில் அட்டை. அந்த நகரத்தில் 2016-ல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றினார்கள். மாணவர் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. நாளுக்குச் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று கண்டது. நாலாவது வரியில் என்ன எழுதுவோம்? இரண்டே பள்ளிகள், மாற்றத்துக்கு முன் அளந்த பிள்ளைகளும் பின் அளந்த பிள்ளைகளும் ஒரே ஆட்கள் அல்ல.

இப்போது ஒட்டிப் பேசும் மாணவி எழுந்து, “34 நிமிடம் கூடுதல் தூக்கம், ஆகவே எல்லாப் பள்ளியிலும் மதிப்பெண் உயரும்” என்கிறாள் என்று வையுங்கள். வெட்டிப் பேசுபவன் என்ன செய்யலாம்? “அது தவறு” என்று சொல்லலாம், அதற்குப் பெயர் மறுப்பு இல்லை. “நேரத்தை மாற்றியதற்கு முன் ஒரு கூட்டம், பின் வேறொரு கூட்டம், வித்தியாசம் பிள்ளைகளால் வந்ததா நேரத்தால் வந்ததா?” என்று கேட்கலாம், இது நல்ல அடி. அவள் அதற்கு, “இரண்டு முறையும் அதே பள்ளிகள், அதே வகுப்பு, அதே பருவகாலம், அளந்த முறையும் ஒன்றே, அப்படியிருக்கப் பிள்ளைகள் அவ்வளவு மாறிவிடுவார்களா?” என்று திருப்பலாம். அவன் விடாமல், “சரி, தூக்கம் கூடியதை ஒப்புக்கொள்கிறேன், எல்லாப் பள்ளியிலும் மதிப்பெண் உயரும் என்று இந்த அட்டை எங்கே சொல்கிறது?” என்று கேட்டானானால் அங்கே அவள் கொஞ்சம் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரே அட்டையில் இத்தனை நடந்துவிட்டது பாருங்கள்.

பங்குகள் பற்றிச் சுருக்கமாக. நாற்பது பேர் வகுப்பு என்றால் அணிக்கு மூவர்: தொடக்கவுரை ஒருவர், மறுப்புரை ஒருவர், தொகுப்புரை ஒருவர். தொகுப்புரையில் புது வாதம் கூடாது, ஏனென்றால் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய்ப்பு இருக்காது. நடுவர் ஒரு மாணவர், மணி பார்க்க ஒருவர். அப்புறம் அட்டைக் காவலர் இருவர். பேச்சாளர் அட்டையில் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னால் கை உயர்த்துவதுதான் இவர்கள் வேலை. மேடையேறத் தயங்குகிற, ஆனால் கூர்ந்து படிக்கிற பிள்ளைகளை இதில் போடுங்கள், அவர்கள் கை உயரும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மீதி முப்பது பேரும் மதிப்பெண் போடுபவர்கள், ஒரு பேச்சாளருக்கு ஐந்து பேர்.

முதல் வகுப்பு நேரம் முழுக்க அட்டைகளுக்கும் சீட்டுக் குலுக்கலுக்கும் தயாரிப்புக்கும். இரண்டாவதில் தொடக்கவுரை அணிக்கு 3 நிமிடம், பிறகு 2 நிமிடம் இரு அணியும் கூடிப் பேசும் இடைவேளை, மறுப்புரை 3 நிமிடம், தொகுப்புரை 2 நிமிடம். மொத்தம் 18 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இடைவேளையை நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள், கேட்டதற்குப் பதில் யோசிக்கப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற நேரமே அதுதான்.

இப்போது மதிப்பெண் தாள். மொத்தம் 20: வாதத்துக்கு 5, சான்றுக்கு 5, பதிலடிக்கு 7, பேச்சு நயத்துக்கு 3. நயத்துக்கு இவ்வளவு குறைவா என்று சிலர் வருத்தப்படலாம், எனக்கும் நல்ல தமிழில் பேசுகிற பிள்ளையைக் கேட்கப் பிடிக்கும், ஆனால் அதற்குப் பேச்சுப் போட்டி இருக்கிறது. தொடக்கவுரை பேசுபவருக்குப் பதிலடி எப்படி என்று கேட்பீர்கள். எதிரணி என்ன சொல்லும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே பதில் வைக்கிறாரா என்று பாருங்கள். தொகுப்புரையில், நடந்த மோதலில் எது நின்றது, எது விழுந்தது என்று நேர்மையாகச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

பதிலடிக்கு எண்களை மட்டும் விட்டுவிட்டால் ஆளுக்கொரு அளவுகோலில் போடுவார்கள், அதனால் தாளிலேயே எழுதிவிடுங்கள். எதிரணி சொன்னதைத் தொடவே இல்லை என்றால் 0. வெறுமனே தவறு என்று சொன்னால் 2. எதிரணி வாதத்தைத் திரிக்காமல் சொல்லிக் காரணத்தோடு மறுத்தால் 4. அதற்கு மேல் ஓர் அட்டையையும் காட்டி, மறுத்த பிறகு அந்த வாதத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் சொன்னால் 7. சியாட்டில் விஷயத்தில் தூக்கம் கூடியதை ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணை மட்டும் கேள்வி கேட்டானே, அவனுக்கு 7. இந்தத் தாளை முதல் வகுப்பிலேயே கொடுத்துவிட வேண்டும்.

நட்புக்காக மதிப்பெண் போடுவார்களே என்றால், போடத்தான் செய்வார்கள். இரண்டு தடுப்பு வையுங்கள். எண்ணை எழுதும் முன் அதற்குக் காரணமாகப் பேச்சாளர் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும், எழுதாத தாள் செல்லாது. ஐந்து பேர் போட்டதில் நடுவில் விழுகிற மதிப்பெண்ணையே எடுங்கள். 19, 13, 12, 12, 6 என்று வந்தால் 12. நண்பன் போட்ட 19-ம் கோபக்காரன் போட்ட 6-ம் தானாக ஒதுங்கிவிடும்.

பாடம் சரியாகப் போனதா என்று தெரிந்துகொள்ள வெற்றி பெற்றது யார் என்று பார்க்க வேண்டாம், அட்டைகளைத் திரும்ப வாங்கி ‘அதனால் என்ன?’ வரியைப் படியுங்கள். மேலே அச்சில் உள்ளதையே வேறு சொல்லில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சான்றுக்கும் வாதத்துக்கும் நடுவில் ஒரு படி இருப்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அப்படிப் பாதிப் பேர் இருந்தால் புதுத் தலைப்புக்குப் போகாதீர்கள். அணிகளை அப்படியே பக்கம் மாற்றி, அதே ஆறு அட்டைகளோடு, பதிலடிக்கு மட்டும் மதிப்பெண் போட்டு இன்னொரு சுற்று நடத்துங்கள்.