ஊற்றிய கை என்னுடையது

நடுவர் கேட்டது: "விருந்துக்கு வந்தவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பொறுப்பு குடித்தவருக்கா, கொடுத்தவருக்கா?"

நடுவர் அவர்களே, "வாயைப் பிளந்தா ஊற்றினோம்?" என்று கேட்டு எதிரணித் தம்பி கைதட்டல் வாங்கிவிட்டார். சரி, போலீஸ் பிடித்தால் வழக்கு ஓட்டியவர் மேல்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் எவ்வளவு குடித்தோம் என்று அவருக்கே தெரியாமல் செய்தது யார்?

திருவையாறு பக்கம் எங்கள் வீட்டுக் காதுகுத்து, ராத்திரி கறிவிருந்து. மாடியில் மச்சான்களுக்குத் தனிக் கச்சேரி, ஊற்றியது நான்தான். எவர்சில்வர் டம்ளரில் கண் அளவாக ஊற்றி, பாதி இறங்குவதற்குள் மறுபடி நிரப்புவேன், அதைத்தான் உபசாரம் என்று நினைத்திருந்தேன். ஒரு மச்சான் 9 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் ஒரு குவாட்டர் முடித்துவிட்டார். படுத்து, 3 மணிக்கு எழுந்து, முகம் கழுவி, மோர் குடித்து, "தெளிஞ்சிருச்சு" என்று பைக்கை எடுத்தார். வழியில் ரோட்டோரம் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு, சுற்றிலும் கல் வைத்திருக்கிறார்கள். கல்லுக்குத் திருப்பியவர் நேரே வாய்க்காலில். தோள்பட்டை எலும்போடு போயிற்று.

"தூங்கி எழுந்தவனுக்கு என்ன போதை?" என்றார் எங்கள் சித்தப்பா. பாதி சரிதான், தூக்கம் அசதியைத் தீர்க்கும். ஆனால் சாராயத்தை எரிப்பது ஈரல், அது தன் வேகத்தில்தான் எரிக்கும், மோரோ காபியோ குளியலோ அதை விரட்டாது. சட்டம் விடுவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை. 70 கிலோ ஆளுக்கு ஒரு குவாட்டர் உத்தேசமாக 125 வரை ஏற்றும், மணிக்கு 15 போல இறங்கும். 9 மணியிலிருந்து எண்ணினாலும் 3 மணிக்கு அவர் 30க்கு மேலேதான் இருந்திருப்பார்.

முன்வரிசைப் பெரியவர் "அப்போ பீர் கொடுக்கலாமா?" என்கிறார். ஐயா, நான் கேட்டது வேறு! 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று ரெண்டு லார்ஜுக்குச் சமம்.

தீபாவளிக்கு நாங்கள் மாற்றிக்கொண்டோம். வாசலிலேயே யார் ஓட்டப்போகிறார் என்று கேட்டு, அவருக்குப் பன்னீர் சோடா மட்டும், ஆனால் அதே வட்டத்தில் உட்கார வைத்து, ஏனென்றால் தனியே ஒதுக்கினால் கோபித்துக்கொண்டு அவரும் குடிப்பார். சோறும் கறியும் முதலில், வெறும் வயிற்றில் சட்டென ஏறும். 30 மில்லி அளவு மூடியில் அளந்து, கேட்டால் மட்டும் ஊற்றினோம். ஒன்பதரைக்குப் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுப் பாய் விரித்தோம். சாவிகளெல்லாம் அத்தையிடம், அவரிடம் வாதாட எங்கள் ஊரில் ஆளில்லை.

அப்படியும் ஒருவர் சாவி தரவில்லை. முறையில் மாமனார், காரிலேயே சொந்தப் பாட்டில். கையைப் பிடித்துப் பிடுங்கவா முடியும்? அன்று பின்னாலேயே பைக்கில் போய், அவர் வீட்டு விளக்கு எரிந்த பிறகுதான் திரும்பினேன். அது போதுமா என்று தெரியவில்லை, எதிரணிக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.