அந்த அஞ்சு எங்கே போச்சு?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் இந்தப் பக்கம் கூப்பிடுங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

1443, 888 என்று இரண்டு எண்கள் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி என்ன? பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 555. இனி 1443 வேண்டாம். 888-ஐ 555-ஆல் வகுத்தால் மீதி 333. அடுத்து 222, அடுத்து 111. 222-ஐ 111-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக, விடை 111. இரண்டு எண்களையும் வகுக்கிற எதுவும் மீதியையும் வகுத்தே தீரும். விஷயம் அவ்வளவுதான். யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஏழாம் புத்தகத்தில் எழுதி வைத்த வழி இது.

இதே வழி பல்லுறுப்புக் கோவைக்கும் பொருந்தும் என்று 1585-இல் சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் காட்டினார். அங்கே மீதி சிறியதா என்று எண்ணின் அளவை வைத்துப் பார்ப்பதில்லை, படியை வைத்துப் பார்க்கிறோம். மூன்றாம் படி, இரண்டாம் படி என்று ஒவ்வொரு வகுத்தலிலும் படி இறங்கிக்கொண்டே வரும்.

சரி, ஒன்று செய்து பார்ப்போம். ரேடியோவில் அடுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் குழம்பும். கெழுக்களை மட்டும் சொல்கிறேன், x³-இல் தொடங்கி வரிசையாக எழுதுங்கள். முதல் கோவை: 1, 4, 4, 3. அதாவது x³ + 4x² + 4x + 3. இரண்டாவது: 1, −1, −1, −2. அதாவது x³ − x² − x − 2. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருக்கட்டும்.

வகுத்தால் ஈவு 1. அப்போ கழித்தாலே போதும். 1-இலிருந்து 1 போனால் 0. 4-இலிருந்து −1 போனால் 5. அடுத்ததும் 5. 3-இலிருந்து −2 போனால் அதுவும் 5. மீதி 5x² + 5x + 5. எல்லாவற்றிலும் 5 பொதுவாக இருக்கிறது, அதை வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். நிற்பது x² + x + 1. இதால் இரண்டாவது கோவையை வகுங்கள்: ஈவு x − 2, மீதி பூஜ்யம். மீ.பொ.வ. x² + x + 1.

இதை வகுப்பில் நடத்தியபோது குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, "சாரே, அந்த அஞ்சு எங்க போச்சு?" என்று கேட்டாள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு சொட்டு சிந்தினாலும் கணக்குக் கேட்கிற வீடு போலிருக்கிறது! x-க்கு 10 போட்டுப் பார் என்றேன். முதல் கோவை 1443, இரண்டாவது 888, நம் விடை 111. ஆமாம், தொடக்கத்தில் நீங்கள் எழுதிய அதே எண்கள். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அவள் உட்காரவில்லை. தானே 7 போட்டுப் பார்த்தாள். கோவைகள் 570, 285 ஆயின. இவற்றின் மீ.பொ.வ. 285. நம் விடையிலோ 7 போட்டால் 57தான் வரும். 57-ஐ ஐந்தால் பெருக்கினால் 285. தூக்கிப் போட்ட அஞ்சு திரும்பி வந்து நிற்கிறது!

காரணம் இது. பொது வகுத்தியை எடுத்த பிறகு முதல் கோவையில் x + 3 மிச்சம், இரண்டாவதில் x − 2 மிச்சம். கோவைகளாக இவற்றுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. ஆனால் இவற்றின் வித்தியாசம் எப்போதும் 5. x-க்கு 10 போட்டால் 13, 8. பொதுவாக ஒன்றும் இல்லை. 7 போட்டால் 10, 5. இரண்டிலும் ஐந்து புகுந்துவிடுகிறது. முழு எண்களில் 5 ஒரு வகுத்தி, அதைத் தொலைத்தால் விடை தப்பு. பின்னமும் கெழுவாக வரலாம் என்கிற பல்லுறுப்புக் கோவை உலகில், பூஜ்யம் தவிர எந்த எண்ணும் எந்தக் கோவையையும் வகுக்கும். அதனால் அங்கே 5-க்கு மதிப்பில்லை. எடுக்காமல் விட்டிருந்தாலும் ஈவில் ஐந்தில் ஒரு பங்கு x, ஐந்தில் இரண்டு என்று பின்னங்கள் வந்திருக்கும். விடை மாறாது, வேலைதான் கூடும். எண்ணை வெளியே எடுத்துப் போடலாம், மறுபடியும் சொல்கிறேன், எண்ணை மட்டும். x-ஐ அப்படிப் போடாதீர்கள். இரண்டு கோவையிலும் x பொதுவாக இருந்தால் அது விடையிலிருந்தே காணாமல் போய்விடும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி மீதி பூஜ்யமாகாமல் வெறும் எண்ணாக, 7 என்றோ −3 என்றோ நின்றால் மீ.பொ.வ. 1தான், பொதுவாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அப்புறம், x³ − 1 மாதிரி நடுவில் உறுப்பு இல்லாத கோவை வந்தால் 1, 0, 0, −1 என்று எழுதுங்கள். பூஜ்யத்தை விட்டால் x²-க்குக் கீழே x வந்து உட்கார்ந்து எல்லாம் தாறுமாறாகும். அந்த x³ − 1-ஐயும் x⁴ + x² + 1-ஐயும் இன்றைக்கு ராத்திரி போட்டுப் பாருங்கள். வணக்கம்.