“அவன் ஒண்ணுமே செய்யல சார்”: இந்த மெயில் ஏன் வேலைக்கு ஆகாது?

வணக்கம் நண்பர்களே. குரூப் புராஜெக்ட்டில் நாலு பேர். மூன்று பேர் ராத்திரி பகலாக உழைக்கிறீர்கள், நாலாவது ஆள் கண்ணிலேயே படவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு கோர்ஸ் கோஆர்டினேட்டருக்கு மெயில் எழுதுகிறீர்கள்: “அருண் ஒண்ணுமே செய்யல.” சொல்வது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பிரான்சைச் சேர்ந்த ரிங்கெல்மான் என்பவர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டு பேர் சேர்ந்து இழுத்தபோது, தலைக்குக் கிடைத்தது தனியாக இழுக்கும் பலத்தில் கிட்டத்தட்ட பாதிதான். ஆனால் கயிற்றின் மறுமுனையில் இருப்பவருக்கு மொத்த இழுவைதான் தெரியும், யார் கை தளர்ந்தது என்பது தெரியாது. கோஆர்டினேட்டர் நிற்பது அந்த முனையில்தான். உங்கள் மெயில் அவருக்குத் தனித்தனிக் கைகளைக் காட்ட வேண்டும்.

சரி, மெயிலுக்கு வருவோம்.

[திரையில்: மெயில்]

“பொருள்: குழு 7 – அறிக்கையின் 3ஆம் பகுதி வரவில்லை, வழிகாட்டல் வேண்டும்

வணக்கம். நாங்கள் நால்வரும் 2ஆம் தேதி வேலையைப் பிரித்துக்கொண்டோம். சர்வே முடிவுகளைத் தொகுத்து எழுதும் 3ஆம் பகுதியை 12ஆம் தேதிக்குள் தருவதாக அருண் ஒப்புக்கொண்டார். இன்று 18. அந்தப் பகுதி இன்னும் எங்களுக்கு வரவில்லை. 13ஆம் தேதி கேட்டபோது ‘நாளைக்குத் தருகிறேன்’ என்றார். 16ஆம் தேதி அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. உங்களுக்கு எழுதப்போவதை நேற்று அவரிடம் தெரிவித்துவிட்டோம். காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. சமர்ப்பிக்கும் நாள் 28. அந்தப் பகுதியை நாங்களே எழுதத் தொடங்கலாமா? அப்படிச் செய்தால் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும்? 20ஆம் தேதிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.”

இதில் ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவர்’ என்று ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா? “காரணம் தெரியவில்லை” என்ற வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அருண் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அதை அவர் கோஆர்டினேட்டரிடம் முன்பே சொல்லியும் இருக்கலாம். நீங்கள் ‘சோம்பேறி’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே மெயிலின் மீதான நம்பிக்கை போய்விடும். தேதிகளை மட்டும் எழுதியிருந்தால் காரணம் எதுவானாலும் உங்கள் மெயில் நிற்கும்.

இப்போது ஆதாரம். இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கூகுள் டாக்ஸில் File > Version history > See version history போனால், யார் எப்போது என்ன எழுதினார்கள் என்பது ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். “அருணின் நிறமே இல்லை, பாருங்கள்!” என்று உடனே ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அருண் தன் கம்ப்யூட்டரில் தனியாக இரண்டு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பி, நீங்கள் அதை எடுத்து ஒட்டியிருந்தால், அந்த இரண்டு பக்கமும் உங்கள் நிறத்தில்தான் தெரியும். அந்தப் பதிவில் இருப்பது யார் ஒட்டினார் என்பது. யார் யோசித்து எழுதினார் என்பது அதில் இருக்காது. சர்வேக்கு ஆள் பிடித்தது, கூட்டத்தில் யோசனை சொன்னது எதுவும் அதில் வராது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு எதிராக அருண் தன் பழைய மெயிலைக் காட்டினால், சிக்கல் உங்களுக்கு.

அதனால் அனுப்புவதற்கு முன் சாட்டையும் மெயிலையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அவர் செய்த சின்ன வேலை ஏதாவது கிடைத்தால், அதையும் மெயிலில் சேருங்கள்: “சர்வே கேள்விகளில் நான்கை அருண் எழுதினார்.” இந்த ஒரு வரி உங்கள் புகாரைக் குறைக்காது. மீதி வரிகளை நம்பவைக்கும். இன்னொன்று, கூகுள் பழைய பதிப்புகளைச் சில சமயம் ஒன்றாகச் சேர்த்துவிடும். அதனால் தேவையான ஸ்கிரீன்ஷாட்டை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு பேரையும் சிசியில் போடுங்கள், மூவரும் படித்து ஒப்புக்கொண்ட பிறகு.

எப்போது அனுப்புவது? 27ஆம் தேதி ராத்திரி அனுப்பினால், மதிப்பெண்ணைத் தவிர கோஆர்டினேட்டர் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. 18ஆம் தேதி அனுப்பினால் அருணை அழைத்துப் பேசலாம், வேலையை மாற்றிப் பிரிக்கலாம், அந்தப் பகுதி இல்லாமலே அறிக்கையை ஏற்கலாம். என்னைக் கேட்டால், ஒப்புக்கொண்ட தேதி தாண்டி, இரண்டாவது முறை கேட்டும் பதில் வராத அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும்.

உங்கள் குழுவில் இப்போது இந்த நிலைமை என்றால், பெயர் எதுவும் போடாமல் உங்கள் மெயிலின் ‘பொருள்’ வரியைக் கமெண்டில் எழுதுங்கள், சேர்ந்து திருத்துவோம்.