10.0.2.15 எங்கே இருக்கிறது? விஎம்முக்குள் நுழைவது பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: "ஐயா, விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு உபுண்டு ஓட்டுகிறேன். உள்ளே இணையம் நன்றாக வருகிறது, ஐபி 10.0.2.15 என்று காட்டுகிறது. ஆனால் லேப்டாப்பிலிருந்து அதற்கு பிங் போகவில்லை, எஸ்எஸ்எச்சும் ஏறவில்லை. பிரிட்ஜ் போட்டால் சரியாகிவிடுமா?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்பு நானும் இதே 10.0.2.15-ஐ ஒரு மாலை முழுவதும் பிங் செய்துகொண்டிருந்தவன்தான். நண்பரே, அந்த முகவரி உங்கள் வீட்டு வலையமைப்பில் எங்குமே இல்லை. அது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலின் வயிற்றுக்குள் மட்டும் இருக்கிறது. நீங்கள் விண்டோஸில் பிங் கொடுக்கும்போது, அப்படி ஒரு முகவரி தனக்குத் தெரியாததால், விண்டோஸ் அதை வீட்டு ரவுட்டரிடம் தள்ளிவிடுகிறது. ரவுட்டருக்கும் தெரியாது, அது அங்கேயே தொலைந்துபோகிறது.

நம் பழைய நேயர்களுக்கு என் இன்டர்காம் கதை மனப்பாடமாகியிருக்கும், இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தின் உள் எண் 15-ஐ உங்கள் கைப்பேசியில் அழுத்தினால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் அந்த 15-ஆம் எண்காரர் வெளியே யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். பக்கத்து அலுவலகத்திலும் ஒரு 15 இருக்கும், இரண்டும் மோதிக்கொள்வதில்லை. விர்ச்சுவல்பாக்ஸும் அப்படித்தான்: உள்ளிருப்பவர் வெளியே போகலாம், வெளியிலிருப்பவர் நேராக உள்ளே வரமுடியாது என்ற இந்த முறைக்குத்தான் நேட் என்று பெயர், விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தருவதும் இதுதான். இதில் நீங்கள் மூன்று விஎம், அதாவது மூன்று மெய்நிகர் கணினிகள், ஓட்டினால் மூன்றுக்கும் 10.0.2.15 என்ற ஒரே முகவரிதான் வரும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேட் அமைகிறது.

ஆகவே வெளியிலிருந்து வருபவர் அலுவலகத்தின் பொது எண்ணைத்தான் அழைக்கவேண்டும், அங்கிருந்து உள்ளே இணைத்துவிட ஒருவர் வேண்டும். அந்த இணைப்பவர்தான் போர்ட் ஃபார்வர்டிங். விஎம்மின் Settings-இல் Network பகுதிக்குப் போய், Adapter 1-இன் கீழ் Port Forwarding என்ற பொத்தானை அழுத்தி, ஒரு வரியைச் சேர்த்தால் போதும். கட்டளையாகக் கொடுப்பதென்றால், விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய கோப்புறைக்குப் போய், விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படிக் கொடுக்கலாம். ubuntu என்ற இடத்தில் உங்கள் விஎம்மின் பெயரையும், ravi என்ற இடத்தில் உபுண்டுவில் உங்கள் பயனர் பெயரையும் போடுங்கள்:

```
VBoxManage controlvm "ubuntu" natpf1 "ssh,tcp,127.0.0.1,2222,,22"
ssh -p 2222 ravi@127.0.0.1
```

மடிக்கணினியின் 2222-ஆம் போர்ட்டைத் தட்டினால் விஎம்மின் 22-க்குக் கொண்டுபோய் விடு என்பதுதான் முதல் வரியின் பொருள். விஎம்மின் முகவரி இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருப்பதைக் கவனியுங்கள். நேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு விஎம்தான் இருப்பதால் அதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது வரியில் 10.0.2.15 என்பதே வரவில்லை, நீங்கள் உங்கள் மடிக்கணினியையேதான் அழைக்கிறீர்கள். பிங் மட்டும் இதற்குப் பிறகும் போகாது. இந்த வழி டிசிபி, யுடிபி இரண்டையும்தான் கடத்தும், பிங் அந்த இரண்டிலும் சேராது. எனவே பிங் வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்கவேண்டும் என்று நான் நினைக்கிற ஒன்றுக்கு வருகிறேன்: எஸ்எஸ்எச் ஏறவில்லை என்றால் திரையில் வந்த செய்தி என்ன? `Connection refused` என்று உடனே வந்தால், 2222-இல் கேட்டுக்கொண்டிருக்க யாருமே இல்லை என்று பொருள். விஎம் ஓடவில்லை, அல்லது அந்த வரி சேரவில்லை. அப்போது கோளாறு விண்டோஸ் பக்கம் இருக்கிறது. `kex_exchange_identification` என்று தொடங்கும் ஒரு வரி வந்து இணைப்பு அறுந்தால், கதை வேறு. பொது எண்ணை விர்ச்சுவல்பாக்ஸ் எடுத்துவிட்டது, உள்ளே மணி அடித்துப் பார்த்தது, அங்கே எடுக்க ஆளில்லை என்பதால் இணைப்பைத் துண்டித்துவிட்டது. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்எச் சர்வர் தானாக வருவதில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே `sudo apt install openssh-server` கொடுத்தால் தீர்ந்துவிடும். செய்தி எதுவும் வராமல் வெகுநேரம் அப்படியே நின்றால், உள்ளிருக்கும் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள்.

இதே நுணுக்கம் வலைத்தளம் எழுதுபவர்களை இன்னும் அதிகமாக அலைக்கழிக்கிறது. சென்ற மாதம் ஒரு மாணவர், விஎம்முக்குள் ஜாங்கோ ஓடுகிறது, 8000-ஐயும் ஃபார்வர்ட் செய்திருக்கிறேன், ஆனாலும் பிரவுசரில் பக்கம் வரவில்லை என்று வந்தார். உள்ளே `ss -ltn` கொடுக்கச் சொன்னேன். `127.0.0.1:8000` என்று காட்டியது. அதாவது ஜாங்கோ விஎம்முக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே எடுக்கிறது. நாம் கடத்திவிடும் அழைப்போ 10.0.2.15 என்ற வாசலுக்கு வந்து சேர்கிறது, அங்கே அது நிற்கவில்லை. `python3 manage.py runserver 0.0.0.0:8000` என்று மாற்றியதும் பக்கம் வந்துவிட்டது.

சரி, பிரிட்ஜ். அதைப் போட்டால் விஎம் உங்கள் வீட்டு ரவுட்டரிடமே நேராக முகவரி கேட்டு, 192.168.1.x என்பதுபோல ஒன்றை வாங்கிக்கொண்டு, தனிக் கணினியாக நிற்கும். பிங்கும் போகும். வீட்டில் அழகாக வேலை செய்யும், வெளியே எடுத்துப் போகும்போதுதான் வம்பு. நான் ஒருமுறை வேலை செய்த அலுவலகத்தில் கேபிளைச் செருகி, பிரிட்ஜில் இருந்த விஎம்மை இயக்கிய சில நொடிகளில் என் மடிக்கணினியின் இணைப்பே செத்துப்போனது. கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் ஒரே ஒரு மேக் முகவரிதான், அதாவது ஒரே ஒரு நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்தான், இருக்கலாம் என்று அங்கே சுவிட்சில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். இரண்டாவது மேக் முகவரி தெரிந்ததும் சுவிட்ச் போர்ட்டை மூடிவிட்டது. நெட்வொர்க் பார்ப்பவர் என் மேசைக்கே வந்து, என்ன செய்தாய் தம்பி என்று கேட்டார்.

வைஃபையில் இடைஞ்சல் வேறு மாதிரி. ஆக்சஸ் பாயிண்ட் தன்னிடம் பதிவான மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும், விஎம்மின் மேக் முகவரி அங்கே பதிவாகாது. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் மடிக்கணினியின் மேக் முகவரியையே விஎம்முக்கும் மாட்டி அனுப்பிச் சமாளிக்கிறது. பல வீடுகளில் இது ஓடும், சில இடங்களில் ஓடாது. விஎம்முக்கு ஐபி வராமலே நின்றால் அதுதான் அறிகுறி. ஐபி வந்தாலும் ஊருக்கு ஊர் மாறும், நேட்டில் 127.0.0.1-உம் 2222-உம் ரயிலில்கூட மாறாது. உங்கள் தேவைக்கு நேட்டே போதும் என்பது என் கருத்து.

கைப்பேசியிலிருந்து பார்க்கவேண்டுமென்றால் பிரிட்ஜ் வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கும் வேண்டாம். 8000-க்கான வரியில் Host IP கட்டத்தைக் காலியாக விட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் மடிக்கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கும், விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் அப்போது நுழையலாம் என்பதால், எஸ்எஸ்எச் வரியை மட்டும் 127.0.0.1-லேயே வைத்திருங்கள். பிறகு கைப்பேசியில் மடிக்கணினியின் முகவரியைத் தட்டுங்கள், உதாரணமாக `192.168.1.7:8000`. ஜாங்கோவாக இருந்தால் `Invalid HTTP_HOST header` என்று ஒரு பிழைப்பக்கம் வரும். பயப்படவேண்டாம், அதைச் சொல்வது ஜாங்கோ. அழைப்பு கைப்பேசியிலிருந்து விஎம்முக்குள் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, இனி `ALLOWED_HOSTS`-இல் அந்த முகவரியைச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி.