மாட்டுக்குப் பாம்பு கடித்தால் டாக்டர் வருவதற்குள் என்ன செய்வது?

கேள்வி: "டாக்டர் ஐயா, வரப்புல மேய்ஞ்சுக்கிட்டு இருந்த மாட்டுக்குப் பாம்பு கடிச்சா, நீங்க வர்ற வரைக்கும் நாங்க என்ன செய்யணும்? கயிறு போட்டுக் கட்டலாமா, பச்சிலை அரைச்சு ஊத்தலாமா? அந்த மாட்டுப் பாலைக் கறக்கலாமா?"

தம்பி, முதலில் கை வைக்க வேண்டியது மூக்கணாங்கயிற்றில். கடிபட்ட இடத்தை அப்புறம் பார்க்கலாம். மேய்கிற மாடு தலையைக் குனிந்து புல்லுக்குள் மூக்கை விட்டுக்கொண்டே போகும். புல்லுக்குள் சுருண்டு கிடக்கிற பாம்பு எதிரே வருகிற மூஞ்சியைத்தான் கொத்தும். அதனால் மேய்ச்சல் மாட்டில் நான் பார்த்த கடிகள் பெரும்பாலும் மூக்கு, உதடு, தாடைப் பக்கம்தான். அடுத்தபடியாகக் கால், எப்போதாவது மடி. மூஞ்சியில் கடி என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வீங்க ஆரம்பித்துவிடும். வீங்கிய பிறகு மூக்கணாங்கயிறு சதைக்குள் புதைந்துவிடும். தலைக்கயிறு தாடையை நெரிக்கும், கழுத்து மணிக்கயிறு தொண்டையை இறுக்கும். அவிழ்க்க நேரமானால் அறுத்துவிடுங்கள். கயிறு இருபது ரூபாய்தான். மாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் கொம்பில் தளர்வாக ஒரு கயிறு போட்டுக்கொள்ளலாம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்டது எல்லாமே அதில் இருக்கிறது. ஒரு கலப்பின ஜெர்சிப் பசு, இரண்டாவது ஈற்று. காலை ஏழு மணிக்கு வரப்பில் மேய்ந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். பசு தலையை வெடுக்கென்று தூக்கிப் பின்வாங்கியது. பார்த்தால் கண்ணாடி விரியன். சீறும் சத்தத்தையும் முதுகில் சங்கிலி போல ஓடுகிற பழுப்பு வட்டங்களையும் வீட்டுக்காரர் சரியாக அடையாளம் சொன்னார். அவர் செய்த நல்ல காரியம், பாம்பை அடிக்கத் தடி தேடி ஓடாமல் உடனே போன் பண்ணியது. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையே இல்லை. நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் பொதுவானது. தூர நின்று ஒரு போட்டோ எடுத்தால் போதும். அதுவும் முடிந்தால்தான்.

தவறு அடுத்த பத்து நிமிடத்தில் நடந்தது. பசுவை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அரை கிலோமீட்டர் நடை. நடக்கிறபோது தசையெல்லாம் அசையும், இதயம் வேகமாக அடிக்கும், விஷம் உடம்பு முழுக்கச் சீக்கிரம் பரவும். கடிபட்ட மாடு நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். வெயிலாக இருந்தால் பக்கத்து மரத்தடிக்கு மெதுவாக நகர்த்துங்கள், அவ்வளவுதான். டாக்டர் வயலுக்கு வருவார். வர முடியாது என்றால் 1962-க்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள். ஆடு என்றால் கையில் தூக்கி வண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். அழைக்கும்போதே "பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து வேணும்" என்று சொல்லிவிடுங்கள். எல்லா மருந்தகத்திலும் கையிருப்பு இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால் வருகிற வழியில் வாங்கிக்கொண்டு வருவோம்.

சரி, கயிறு போட்டுக் கட்டுவது. மூஞ்சியில் கடித்தால் எங்கே கட்டுவீர்கள்? காலில் கடித்தாலும் கட்டாதீர்கள். கண்ணாடி விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அரிக்கிற விஷம். இறுக்கிக் கட்டினால் அது ஒரே இடத்தில் தேங்கும், ரத்த ஓட்டமும் நின்றுபோகும், கால் அழுகிப்போகும். மணிக்கணக்கில் கட்டி வைத்துவிட்டு சட்டென்று அவிழ்த்தால் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் ஓடும். பிளேடால் கீறவும் கூடாது. கண்ணாடி விரியன் கடித்த மாட்டில் ரத்தம் உறையாது, கீறிய இடம் நிற்காமல் ஒழுகும். கடிவாயை அழுத்தித் தேய்க்கக் கூடாது, சூடு போடக் கூடாது. கோழிக்குஞ்சை வைத்து விஷம் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கோழிதான் சாகும், நேரம்தான் போகும்.

நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சிறியாநங்கை அரைத்து மூங்கில் கொட்டத்தோடு தயாராக நின்றார். நான் மரியாதையாகத்தான் தடுத்தேன். சிறியாநங்கை நல்லதா கெட்டதா என்பதல்ல இங்கே பிரச்சினை. பாம்பு கடித்த மாட்டுக்குத் தொண்டை வீங்கியிருக்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் என்றால் விழுங்குகிற தசையே செயலிழந்திருக்கும். தலையைத் தூக்கிப் பிடித்து எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கும். மோர், நல்லெண்ணெய், வெறும் தண்ணீர் எல்லாமே அப்படித்தான். விஷத்தில் தப்பித்த மாடு நாலாம் நாள் நிமோனியாவில் போனதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் சட்டியை முன்னால் வையுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும்.

வீட்டில் இருக்கிற வலி ஊசியையும் போடாதீர்கள். ரத்தம் உறையாத மாட்டுக்குத் தசையில் ஊசி குத்தினால் குத்திய இடமே ரத்தக்கட்டாக வீங்கும். வலி மருந்துகளில் பல, ஏற்கெனவே அடிபட்டிருக்கிற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். டைக்ளோபினாக் என்றால் கால்நடைக்குப் போடுவதே தடை.

நான் போய்ச் சேர்ந்தபோது 8:40. மூஞ்சி நீர்யானை மாதிரி ஆகியிருந்தது. மூக்கணாங்கயிற்றைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தோம். மூக்கில் இரண்டு புள்ளி, அதிலிருந்து மெல்லிய ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தேன். நல்ல மாட்டு ரத்தம் அதற்குள் கட்டிவிடும், சாய்த்தால் அசையாது. இது தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ இந்தச் சோதனை பொய் சொல்லும். அதனால்தான் புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

அன்று ஐந்து குப்பி மருந்து கிடைத்தது. சலைனில் கலந்து ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றினேன். இது குதிரையின் உடம்பில் தயாரிக்கிற மருந்து, ஒவ்வாமை வரலாம். அதற்கு மாற்று ஊசி கையில் இல்லாமல் ஏற்றக் கூடாது. வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். இன்னொன்று, 20 கிலோ ஆட்டுக்குக் கால் குப்பி போதுமே என்று கேட்பார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. பசுவுக்கு இறக்கிய அதே விஷம்தான் ஆட்டுக்கும். ஆட்டுக்கு மருந்து குறையாது. உடம்பு சின்னது என்பதால் ஆபத்துதான் கூடும்.

இனிக் கவனிப்பது. ஒரு நோட்டும் நேரமும் போதும். வீங்கிய இடத்தின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு நேரம் எழுதுங்கள். காலில் என்றால் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு எடுத்து வையுங்கள், கட்டியே விட்டுவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை அளந்தால் வீக்கம் ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். விலாவைப் பார்த்து மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். சாதாரணமாக 20, 30 இருக்கும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, குறட்டை மாதிரிச் சத்தத்தோடு மூச்சு விட்டால் மூக்கு அடைபடுகிறது, உடனே போன் பண்ணுங்கள். நாசியில் குழாய் வைத்துத் திறக்க வேண்டியிருக்கும்.

சிறுநீரை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்பாக, டிக்காஷன் நிறத்தில் வந்தாலும் பல மணி நேரம் வராமலே இருந்தாலும் சொல்ல வேண்டும். ஈறு, மூக்கு, சாணத்தில் ரத்தம் தெரிகிறதா பாருங்கள். வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இமை தொங்குகிறது, எச்சில் நூலாக வடிகிறது, நாக்கை இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் அது நல்ல பாம்போ கட்டுவிரியனோ. அங்கே மூச்சு நிற்பதுதான் பயம். அதில் அரை மணி நேரம்கூட அதிகம்.

படுத்துவிட்டால் பக்கவாட்டில் சாய விடாதீர்கள், வயிறு உப்பி மூச்சை அடைக்கும். வைக்கோல் திணித்த சாக்கை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, நெஞ்சு தரையில் ஊன்றும்படி வையுங்கள்.

எல்லா வீக்கமும் பாம்பு இல்லை. கன்றுக்குத் தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டு, நல்ல காய்ச்சலும் இருந்தால் சப்பை நோயாக இருக்கலாம். செத்துக் கிடக்கிற மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் பாம்பு என்று முடிவு கட்டி அறுத்துவிடாதீர்கள். அது அடைப்பானாக இருந்தால் அறுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும். தொடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பசுவுக்கு ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன், கட்டியது. ஆனால் விரியன் விஷம் ஒரு நாள் கழித்துத் திரும்பவும் வேலை காட்டுவது உண்டு. மறுநாளும் சோதித்தேன். மூன்று நாள் வரை அவர்கள் சிறுநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. பிறகு மூக்கோரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சதை கறுத்துக் கழன்று புண்ணானது. ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி ஆற்றினோம்.

பால் கேட்டீர்கள். மடி கட்டி வலிக்காமல் இருக்கக் கறந்துவிடுங்கள், ஆனால் குடிக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். போடுகிற ஆன்டிபயாடிக் பாலில் வரும். எத்தனை நாள் என்பது மருந்தைப் பொறுத்தது, டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கறக்கும்போது முதல் பீரைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மடிக்குள்ளும் ரத்தம் கசிகிறது, அதையும் சொல்லுங்கள்.